பிறந்த குழந்தைக்கு உடை வாங்கும்போது வயதை விட எடையைப் பாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் பிரசவம். குழந்தை சீக்கிரம் வளர்ந்துவிடும் என்பதால் 0-3 மாத சைஸையே வாங்கலாமா? துணி, பட்டனில் என்ன பார்க்க வேண்டும்?

முழுவதும் 0-3 வாங்க வேண்டாம். குழந்தைகள் உடை தைக்கும் இடத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அப்படியிருந்தும் என் தங்கை குழந்தைக்கு இதே கணக்கில்தான் எல்லாம் 0-3 ஆக வாங்கினோம். குழந்தை பிறந்தது 2.6 கிலோ. முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு. இவளும் இறங்கி, இரண்டு வாரத்தில்தான் பிறந்த எடைக்குத் திரும்பினாள். 0-3 என்று போட்டிருக்கும் உடை பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கிலோ வரை உள்ள குழந்தைக்கு வெட்டியது. போட்டுவிட்டால் கை விரல் வெளியே தெரியவில்லை, உடையின் கழுத்து ஒரு தோளில் சரிந்தது. படுக்க வைத்துக் கால் உதைத்ததும் உடை மேலேறி, கழுத்து விளிம்பு வாய்க்கு மேல் வந்து நின்றது. அதைப் பார்த்துத்தான் பயந்தேன். தொளதொளப்பு வசதிக்குறைவு மட்டும் இல்லை, மூச்சை அடைக்கவும் கூடும்.

எடையை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். பிறந்த எடைக்குத் திரும்பிய பிறகு குழந்தை ஒரு நாளைக்குச் சுமாராக 25 முதல் 30 கிராம் கூடும். நியூபார்ன் சைஸ் பெரும்பாலும் மூன்றரை, நான்கு கிலோ வரை. எங்கள் குழந்தை மூன்றரையைத் தொட ஆறு வாரம் ஆனது. 3.6 கிலோவில் பிறந்த குழந்தைக்கு அதே சைஸ் மூன்று, நான்கு வாரம்கூடத் தாங்காமல் போகலாம். அதனால் நியூபார்னில் நாலைந்து மட்டும் வாங்கி, மீதியைக் குழந்தை பிறந்து எடை தெரிந்த பிறகு வாங்குங்கள். ஒரே மாத எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறு அளவில் இருக்கும்; அட்டையில் கிலோவோ சென்டிமீட்டரோ போட்டிருந்தால் அதையே நம்புங்கள். பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் உங்கள் விரல் ஒன்று தாராளமாக நுழைந்தால் சரி. மூன்று விரல் நுழைந்தால் அந்த உடை இப்போதைக்கு வேண்டாம்.

துணியில் இன்டர்லாக் பின்னல் பருத்தி எனக்குப் பிடிக்கும். முன்னும் பின்னும் ஒரே வழவழப்பாக இருக்கும், ஓரம் சுருண்டுகொள்ளாது. கடையில் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதில் பலனில்லை, அந்தத் தோல் தடித்தது. உடையை உள்பக்கம் திருப்பி, அக்குள் தையலையும் லேபிள் இருக்கும் இடத்தையும் உங்கள் மேலுதட்டில் உரசிப் பாருங்கள். அங்கே குத்தினால் குழந்தைக்கும் குத்தும். புதுத்துணியின் மென்மையில் ஒரு பங்கு தொழிற்சாலையில் ஏற்றும் பூச்சு. ஒருமுறை துவைத்த பிறகு தெரிவதுதான் அதன் சொந்த மென்மை. துவைக்காமல் போடவே கூடாது. துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

தொப்புள் கொடி விழும்வரை, அதாவது ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை, முன்பக்கம் ஒன்றன் மேல் ஒன்றாக மடிந்து மூடும் ஜபலா நல்லது. தலை வழியாக மாட்ட வேண்டியதில்லை, தொப்புளிலும் உரசாது. ஆனால் கழுத்தில் நாடா வைத்ததை வாங்காதீர்கள். கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு. பக்கவாட்டில் முடிச்சுப் போடும் குட்டை நாடா பரவாயில்லை. ஊக்கு வேண்டவே வேண்டாம். சாதாரண பட்டன் நூல் தளர்ந்தால் வாய்க்குப் போகும்.

எல்லாவற்றிலும் என் ஓட்டு பிரஸ் பட்டனுக்குத்தான், ஆனால் சோதித்த பிறகு. அதன் வளையத்தில் உள்ள சிறு பற்கள் துணியைத் துளைத்துப் பிடித்திருக்கும். துணி ஒற்றை அடுக்காக இருந்தால் இழுக்க இழுக்கப் பின்னல் விட்டு, பட்டன் முழுதாகக் கழன்று வரும். எங்கள் மேசையில் இந்தக் குறைக்காகவே நிறைய உடைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பத்துமுறை திறந்து மூடி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வளையத்தைச் சுற்றி ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். வீட்டில் கழற்றும்போதும் துணியைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காமல், பட்டனுக்கு அருகில் இரு பக்கமும் பிடித்துத் திறந்தால் நாள்பட வரும்.

கடைசியாக ஒன்று. காலுறை, கையுறை இரண்டையும் ஒவ்வொரு முறையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துத் தொங்கும் நூலை ஒட்ட நறுக்குங்கள். அந்த நூலோ, அம்மாவின் உதிர்ந்த தலைமுடியோ குழந்தையின் விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் விடாமல் அழுதால் முதலில் விரல்களைப் பாருங்கள். ஏதாவது ஒன்று சிவந்து வீங்கியிருந்து, சுற்றியிருப்பதை உடனே எடுக்க முடியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.