எண் அனுமதியை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்: தர்மபுரி ஞாயிறு வகுப்பில் கேள்வி பதில்

காரிமங்கலம் மாணவர்: அண்ணா, லினக்ஸில் கோப்பின் அனுமதியை மாற்றும் chmod கட்டளையில் 4754 என்று வந்தால் முதல் 4 உரிமையாளருக்குத்தானே? அப்படியானால் கடைசி 4 யாருக்கு?

இடப்பக்கத்திலிருந்து எண்ணியதால் வந்த குழப்பம் இது. வலப்பக்கத்திலிருந்து வாருங்கள்: 4 மற்றவர்களுக்கு, 5 குழுவுக்கு, 7 உரிமையாளருக்கு. முன்னால் மிஞ்சும் 4 எந்த ஆளுக்கும் உரியதன்று. அதுதான் setuid, நிரலை யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். திரையில் இப்படித் தெரியும்:

```
-rwsr-xr--
```

4654 என்று கேட்டால் s பெரிய எழுத்தாகி `-rwSr-xr--` என வரும். உரிமையாளருக்கு ஓட்டும் அனுமதியான x இல்லை என்பதைத்தான் அந்தப் பெரிய S காட்டுகிறது. தேர்வில் சின்ன s-ஐயும் பெரிய S-ஐயும் அடுத்தடுத்த விடைகளாக வைத்து நம்மைச் சறுக்க விடுவார்கள்.

ஓசூர் தொழிற்சாலை ஊழியர்: நான் தேர்வு எழுதவில்லை சார். என் backup.sh கோப்புக்கு அவசரத்தில் chmod 75 கொடுத்துவிட்டேன். குழுவில் இருப்பவர் ஓட்டுகிறார், கோப்புக்குச் சொந்தக்காரனான என்னால் முடியவில்லை!

தேர்வு எழுதாமலேயே நல்ல தேர்வுக் கேள்வியோடு வந்திருக்கிறீர்கள். இலக்கம் குறைந்தால் இடப்பக்கத்தில் பூஜ்யம் சேரும். ஆகவே 75 என்பது 0075; 750 அன்று.

```
$ stat -c %A backup.sh
----rwxr-x
```

நீங்களும் அந்தக் குழுவில் இருப்பீர்கள், ஆனாலும் பயனில்லை. கெர்னல் முதலில் பார்ப்பது நீங்கள் உரிமையாளரா என்பதை. ஆம் என்றால் அந்த மூன்று எழுத்துகளோடு நின்றுவிடும். குழுவின் அனுமதிக்குப் போகவே போகாது. உங்களுக்கு அங்கே மூன்றும் கோடு. உரிமையாளர் என்பதால் chmod செய்யும் உரிமை மட்டும் உங்களிடம் இருக்கிறது. 755 கொடுத்தால் சரியாகிவிடும்.

பாலக்கோடு மாணவி: 644-க்கும் 0644-க்கும் வேறுபாடு உண்டா?

கோப்புக்கு இல்லை.

அரூர் ஆசிரியை: கோப்புறைக்கு? 2775 இருந்த ஒன்றுக்கு chmod 755 கொடுத்தேன். உங்கள் கணக்குப்படி முன்னால் பூஜ்யம் சேர்ந்து, குழுவின் இடத்திலிருந்த s போயிருக்க வேண்டும். போகவில்லையே!

மாட்டிக்கொண்டேன். நான் சொன்ன விதி அங்கே உடைகிறது. லினக்ஸில் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் குனூ chmod, கோப்புறையில் ஏற்கெனவே இருக்கும் setuid குறியையும் குழுவுக்கான setgid குறியையும் இப்படி எண் கொடுத்தால் விட்டுவைக்கும். உங்களுக்கு `drwxr-sr-x` என்று வந்திருக்கும், அதாவது 2755. 0755 என்று கொடுத்தாலும் நீங்காது. `chmod g-s` கொடுக்க வேண்டும், அல்லது ஐந்து இலக்கமாக 00755.

அரூர் ஆசிரியை: ஆனால் என்னிடமுள்ள மாதிரித்தாளில் இதே கேள்விக்கு விடை 755 என்றே இருக்கிறது.

கேள்வி எழுதியவர் தட்டிப் பார்க்காமல் எழுதியிருக்கலாம். குனூ அல்லாத chmod-ஐ மனத்தில் வைத்தும் எழுதியிருக்கலாம். ரெட்ஹாட் தேர்வு செய்முறைத் தேர்வு என்பதால் `ls -ld` பார்த்துத் தெளிவு பெறலாம். விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் நான் 2755-ஐத்தான் குறிப்பேன். திருத்துபவர் ஏற்பாரா என்பது வேறு விஷயம்.