ரிப்பன் மைக்கில் வீணை: சத்தம் போதவில்லை

கேள்வி: தெம்பனிஸ் வீவக வீட்டில் ரிப்பன் மைக்கில் வீணை பதிகிறேன். இன்டர்ஃபேஸின் கெயினை முழுவதும் திருப்பியும் அலை மெலிசாக இருக்கிறது, கூடவே இரைச்சல். இன்லைன் ப்ரீஆம்ப் வாங்கலாமா?

முதலில் மின்விசிறியையும் ஏர்கானையும் அணைத்துவிட்டு, வாசிக்காமல் அரை நிமிடம் பதியுங்கள். இரைச்சல் குறைந்தால் அது அறையுடையது. ப்ரீஆம்ப் அதையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். 'ஸ்ஸ்' அப்படியே நின்றால் பெரும்பாலும் இன்டர்ஃபேஸின் கடைசிக் கெயினிலிருந்து வருவது. அப்போது வாங்குவதில் பயன் உண்டு.

கணக்கு இதுதான். அரை மீட்டர் தள்ளி வீணை சுமார் 70 டெசிபல் ஒலித்தால், சாதாரண பாஸிவ் ரிப்பன் தருவது ஏறக்குறைய 0.1 மில்லிவோல்ட். 50 டெசிபல் கெயின் உள்ள இன்டர்ஃபேஸில் அது பதிவு மீட்டரில் −37 dBFS அருகே நிற்கும். இன்லைன் ப்ரீஆம்ப் 25 டெசிபல் சேர்த்தால் −12. மீட்டு உச்சங்கள் அதற்கும் மேலே பாயும் என்பதால் இன்டர்ஃபேஸ் கெயினைப் பத்து டெசிபல் இறக்கிவிடலாம். அந்த இறக்கத்தில்தான் 'ஸ்ஸ்' அடங்கும்.

ப்ரீஆம்பை மைக்கின் பக்கமே மாட்டுங்கள். அது 48V மின்சாரத்தில் ஓடும், ஆனால் பொதுவாக அதை மைக்குக்கு அனுப்பாது. வாங்கும் மாடலில் இதை உறுதிசெய்யுங்கள். கேபிள்கள் எல்லாம் மாட்டிய பிறகே 48V பொத்தானை அழுத்துங்கள். ப்ரீஆம்பை மறந்து, 48V ஓடும்போது வயரிங் தவறிய கேபிளில் மைக்கை நேரே செருகினால் ரிப்பன் இழுபட்டுவிடலாம். ரிப்பனை மாற்றும் செலவு ப்ரீஆம்பைவிடக் கூடுதலாகலாம்.