விண்டோஸ் மேக்னிஃபையர் கேள்வி பதில்: டாக், லென்ஸ், முழு ஸ்கிரீன், எதுக்கு எது?

தலவாக்கலை, தோட்ட ஆபீஸ் அக்கா: தோட்டத்து ஆளுங்க பேர் பதியிற செக்ரோல் புரோகிராம்ல எழுத்து ரொம்ப பொடிசு. அடையாள அட்டை நம்பர் சரிபார்க்கிறப்ப பக்கத்து வரிக்கு கண்ணு போயிருது. மேக்னிஃபையர் போட்டா எல்லாம் பெருசாகி எங்க நிக்கிறேன்னே தெரியல.

அக்கா, எல்லாத்துக்கும் முன்னாடி ஒன்னு பழகிக்கங்க. Win + Esc அமுக்கினா மேக்னிஃபையர் மூடிரும். இது கைக்கு வராம மத்த எதையும் தொட வேணாம்.

நீங்க போட்டப்ப வந்தது full screen மோட். 200 சதவீதம்னா அகலத்துல பாதி உயரத்துல பாதி, ஆக ஸ்கிரீன்ல கால்வாசிதான் கண்ணுக்கு தெரியும். செக்ரோல்ல ஆள் பேர் இடப்பக்க ஓரத்துல, அட்டை நம்பர் வலப்பக்க ஓரத்துல, அப்ப ஒன்ன பார்த்தா மத்தது வெளிய போயிரும், அதுலதான் வரி மாறுது. உங்க வேலைக்கு docked மோட்தான் சரி. Win ஓட + அமுக்கி மேக்னிஃபையர திறந்துட்டு Ctrl + Alt + D அமுக்குங்க. ஸ்கிரீனுக்கு மேல ஒரு பட்டை வரும், அதுக்குள்ள மட்டும் பெருசா தெரியும், கீழ உங்க புரோகிராம் எப்பவும் போல முழுசா இருக்கும்.

பட்டை வந்த உடனே ரொம்ப உயரமா இருந்தா அதோட கீழ் ஓரத்த மவுஸால பிடிச்சு மேல தள்ளி சின்னதாக்குங்க. ஆபீஸ்ல இருக்கிறது பழைய 1366 × 768 ஸ்கிரீன்னு வச்சுக்குவோம். பட்டைய 150 பிக்சல் உயரத்துக்கு கொண்டு வந்து, Win ஓட + அமுக்கி 300 சதவீதம் வச்சா, உள்ள தெரியிறது நிஜத்துல 50 பிக்சல் உயரம்தான். செக்ரோல் வரி ஒன்னு 20 பிக்சல் இருந்தா ரெண்டு வரி, ரெண்டரை வரி. நீங்க பார்க்கிற ஆளு, அதுக்கு அடுத்த ஆளு, அவ்வளவுதான் கண்ணுக்கு வரும், தப்பு வரிக்கு போக எடமே இல்ல. பட்டைய உயரமா வச்சா நிறைய தெரியும்னு ஆசப்படாதீங்க, வரி கூடக்கூட பழைய குழப்பம் திரும்ப வரும்.

அகலத்துலயும் மூணுல ஒரு பங்குதான், 455 பிக்சல். பேரும் நம்பரும் அதுக்குள்ள சேந்து வராதுன்னா 200க்கு இறக்குங்க, 683 பிக்சல் கெடைக்கும். புரோகிராம்ல நம்பர் column ஐ இழுத்து பேருக்கு பக்கத்துல கொண்டு வர முடிஞ்சா இன்னும் நல்லது.

அடுத்தது இது. Win + Ctrl + M அமுக்கினா மேக்னிஃபையர் செட்டிங்ஸ் வரும். அதுல எத பின்தொடரணும்னு கேக்கிற எடத்துல keyboard focus, text cursor ரெண்டையும் டிக் பண்ணுங்க. அப்புறம் Tab அடிச்சு அடுத்த கட்டத்துக்கு போனா பட்டையும் கூடவே வரணும். வரலன்னா உங்க புரோகிராம் பழசு, கேர்சர் எங்க நிக்குதுன்னு விண்டோஸுக்கு சொல்றதே இல்லன்னு அர்த்தம். அப்ப mouse pointer டிக்கையும் போட்டு, படிக்கிற வரி மேல மவுஸ வச்சுத்தான் ஓட்டணும்.

ஒரு குறையும் இருக்கு. பட்டை பிடிச்ச உயரத்த மத்த விண்டோ எல்லாம் விட்டுக் குடுக்கணும். 768ல 150 போனா 618, அதுலயும் டாஸ்க்பார் கொஞ்சம் தின்னுரும். சில பழைய புரோகிராம் சுருங்காது, Save பட்டன் கீழ மறைஞ்சிரும். பட்டன காணோம்னா Tab அடிச்சு அதுக்கு போய் பட்டைக்குள்ள Save தெரியுதான்னு பாத்துட்டு Enter அடிங்க, இல்லாட்டி பட்டைய இன்னும் ஒல்லியாக்குங்க.

ஹட்டன், கொமினிகேஷன் கடை தம்பி: அண்ணே கஸ்டமர் ஒருத்தர் என்னமோ அமுக்கிட்டாரு, ஸ்கிரீன் பெருசாகி ஓடிக்கிட்டே இருக்கு, எப்படி பழையபடி ஆக்கிறது?

Win + Esc.

நுவரெலியா, ஐடி படிக்கிற தம்பி: இதெல்லாம் பழைய காலத்து வேலை அண்ணா. டிஸ்ப்ளே ஸ்கேல 150 ஆக்கினா முடிஞ்சிச்சு, எழுத்தும் கூர்மையா வரும். மேக்னிஃபையர் வெறும் படத்த இழுத்து பெருசாக்கிறது.

தம்பி சொல்றதுல பாதி சரி. பிரவுசர், வேர்ட், விண்டோஸோட சொந்த மெனு, இதுக்கெல்லாம் ஸ்கேல்தான் மொத மருந்து, எழுத்த புதுசா வரைஞ்சு தரும். மேக்னிஃபையர் ஏற்கனவே வரைஞ்சத எடுத்து பெருசாக்குது, அதுவும் உண்மை. ஆனா அந்த அக்காவோட ஸ்கிரீன எடுங்க. 768 உயரத்த 150 சதவீதத்துல வச்சா புரோகிராமுக்கு மிஞ்சிறது 512 உயரத்துக்கு சமமான எடம். 600 உயரத்துக்கு செஞ்ச பழைய ஃபோர்ம் அதுல எப்படி அடங்கும்? கீழ் பட்டன் வெளிய. மேக்னிஃபையர் பட்டையாவது அமுக்கினா போயிரும், ஸ்கேல் அப்படி இல்ல, அதே கம்ப்யூட்டர்ல அடுத்து உக்கார்ற பெரிய கிளாக்கருக்கும் எல்லாம் எடம் மாறி நிக்கும்.

அதே தம்பி: பழைய புரோகிராம்னா exe ஐ ரைட் கிளிக் பண்ணி Properties க்குள்ள Compatibility ல high DPI override பண்ணலாமே, System (Enhanced) குடுத்தா கூர்மையா வருதே?

நல்ல வழிதான், செஞ்சு பாக்கலாம். எல்லா புரோகிராமுக்கும் வேலை செய்யாது. சிலதுல எழுத்து மட்டும் பெருசாகி கட்டம் அப்படியே நிக்கும், அப்ப நம்பரோட கடைசி எழுத்து வெட்டுப்படும். அடையாள அட்டையில பழைய நம்பர்னா 9 இலக்கமும் கடைசில V இல்ல X, அந்த எழுத்து வெட்டுப்பட்டா பாக்கிறவங்களுக்கு புது 12 இலக்க நம்பர பாதி அடிச்சு விட்ட மாதிரி தெரியும். அதனால override போட்டா மொத நாலஞ்சு வரிய அட்டையோட ஒப்பிட்டுப் பாருங்க.

பண்டாரவளை, ஓய்வு பெற்ற டீச்சர்: தம்பிமார் ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. நான் 125 ஸ்கேலும் வச்சு, மேல லென்ஸும் வச்சுத்தான் ஓட்டுறேன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

டீச்சர் சொல்றதுதான் நடைமுறை. 125ல பெரும்பாலான ஃபோர்ம் அடங்கிரும், மிச்சத்துக்கு மேக்னிஃபையர். தம்பிக்கு இன்னும் ஒத்துக்க மனசு வராதுன்னு தெரியும், வயசாகி கண்ணு கூசுறப்ப இதப்பத்தி திரும்ப பேசுவோம்.

அதே டீச்சர்: லென்ஸ்ல ஒரு சந்தேகம். அது சதுரமா நின்னு பக்கத்துல இருக்கிற சொல்ல எல்லாம் மறைக்குது, வரி வாசிக்க முடியல.

லென்ஸ அகலமா, குட்டையா ஆக்கணும் டீச்சர். Ctrl + Alt + L குடுத்து லென்ஸ கொண்டு வந்துட்டு, Shift + Alt ஓட அம்புக்குறிய அமுக்குங்க, அகலமும் உயரமும் மாறும். ஒரு வரி முழுசா உள்ள வரணும், அதுக்கு மேல உயரம் வேணாம். மவுஸ வரிக்கு நேரா வச்சு இடமிருந்து வலமா மெதுவா தள்ளுங்க. லென்ஸுக்கு ஏத்த வேலை சின்னச் சின்னதுதான், கடிகாரத்து பக்கத்துல இருக்கிற ஐகோன், எரர் மெசேஜ்ல இருக்கிற கோட், ஃபோர்ம் அடியில ஓடுற பொடி எழுத்து. மவுஸ வச்சா வர்ற சின்னப் பெட்டி எழுத்தும் லென்ஸுக்குள்ளயே பெருசா வரும். பக்கம் பக்கமா வாசிக்க லென்ஸ் வேணாம், கை ஓஞ்சிரும்.

மஸ்கெலியா அண்ணன்: Ctrl + Alt + கீழ் அம்புக்குறி அமுக்கினேன், ஸ்கிரீனே தலைகீழா போயிருச்சு!

பயப்படாதீங்க அண்ணே, Ctrl + Alt + மேல் அம்புக்குறி அமுக்குங்க, நிமிர்ந்திரும். மேக்னிஃபையர்ல அந்த கீ நகர்த்துறதுக்கு, ஆனா பழைய Intel கிராஃபிக்ஸ் டிரைவர்ல அதே கீ ஸ்கிரீன திருப்புறதுக்கு. Intel கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்க்குள்ள போய் ஹாட்கீய நிப்பாட்டி வச்சா சண்டை தீந்துச்சு.

வட்டவளை தங்கச்சி: full screen போட்டா தலை சுத்துது அண்ணா.

மவுஸ் அசையிற ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன் ஓடினா சுத்தத்தான் செய்யும். செட்டிங்ஸ்ல Keep the mouse pointer னு ஒன்னு இருக்கு, அத நடுவுல இல்லாம ஓரத்துக்குள்ளன்னு வைங்க. மவுஸ் ஓரத்த தொடுற வரைக்கும் ஸ்கிரீன் அசையாது. அடுத்தது Zoom increment. அது 100ல இருந்தா ஒரு அமுக்குக்கு 200, அடுத்ததுக்கு 300னு தாவும். 25 வைங்க, 125, 150னு கண்ணு பழகிப் பழகி போகலாம். எங்க நிக்கிறோம்னு தெரியலன்னா Ctrl + Alt + Space, முழு ஸ்கிரீனும் கொஞ்ச நேரம் தெரியும்.

கொட்டகலை: ஸ்கிரீன் பெருசாகி நிக்குது, மூட தெரியல, உடனே சொல்லுங்க.

Win + Esc. மேலயும் சொன்னேன், மொத பதில்லயும் சொன்னேன், பேப்பர்ல எழுதி மொனிட்டர்ல ஒட்டி வைங்க.

ஹாலி எல அண்ணன்: எனக்கு கண்ணாடி நம்பர் கூடிருச்சோ, இல்ல ஸ்கிரீன்தான் சின்னதா?

அத நான் சொல்ல முடியாது, கண் கிளினிக்ல காட்டுங்க. அப்புறமா இங்க வாங்க.

பதுளை, பேங்க்ல வேலை: 400 போட்டா எழுத்து மங்குது. 3யா 8ஆ தெரியல.

ஒரு கேள்விக்குள்ள ரெண்டு இருக்கு. Smooth edges of images and text னு இருக்கிறத ஒன்னுவிட்டு ஒன்னு போட்டு நிப்பாட்டி பாருங்க. போட்டா ஓரம் மென்மையா இருக்கும், நிப்பாட்டினா படிக்கட்டு மாதிரி ஆகும், ஆனா எனக்கு இலக்கம் பிரிச்சுப் பாக்க நிப்பாட்டினதுதான் தெளிவு. ரெண்டாவது, எழுத்து எத்தன பிக்சல்ல வரைஞ்சிருக்கோ அதுக்கு மேல புதுசா ஒன்னும் கிடைக்காது. மூணோட இடப்பக்க இடைவெளி அங்கயே ஒரு பிக்சல் அளவுக்கு அடைபட்டு இருந்தா 1600 சதவீதம் வரைக்கும் போனாலும் எட்டு மாதிரிதான் தெரியும். அந்த மாதிரி புரோகிராம்ல எழுத்தளவு மாத்த எடம் இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா ஸ்கேல். இங்கதான் நுவரெலியா தம்பி சொன்னது சரி.

தலவாக்கலை அக்கா: பட்டை நல்லா வேலை செய்யுது தம்பி! ஆனா எனக்கு ரெண்டு பவர் கண்ணாடி. மேல பாத்தா கண்ணாடியோட தூரத்து பாகத்துல படுது, கழுத்த தூக்க வேண்டியிருக்கு. பட்டைய மவுஸால இழுத்து ஸ்கிரீன் அடியில விட்டேன், ஒட்டிக்கிச்சு. அங்கயே வச்சுக்கலாமா?

கழுத்து சொல்றத கேளுங்க அக்கா, வச்சுக்கலாம். நான் மேல வைக்கிறவன், ஏன்னா கீழ டாஸ்க்பாரும் ஃபோர்மோட Save பட்டனும் பட்டையோட ஒரே எடத்துக்கு முட்டும்.

பண்டாரவளை டீச்சர்: பட்டை போடுறப்ப நானும் கீழதான் வைக்கிறேன், முட்டினா முட்டட்டும்.

டீச்சர், பட்டைய 150க்கு மேல உயர விட்டா அன்னிக்கு Save தேடி அலைவீங்க. சின்னதா வச்சா ஓகே. அக்கா, ஒரு வாரம் கீழ வச்சு செக்ரோல் முழுசா ஒருக்கா ஓட்டிட்டு, எந்த எடத்துல தப்பு கொறையுதுன்னு எழுதுங்க, மேலயா கீழயான்னு அப்ப பேசுவோம்.