சொந்த நம்பர் கேட்கும் பெற்றோருக்கு என்ன பதில்?

"டியூஷன் எடுக்கிறேன். சொந்த நம்பர் கேட்டால் 'அதெல்லாம் தர்றதில்லீங்க', ராத்திரி மெசேஜுக்கு 'இப்ப முடியாது, சாரி' என்கிறேன். பெற்றோர் கோபப்படுகிறார்கள். எப்படி மாற்றிச் சொல்வது?"

இரண்டிலும் மறுப்பு இருக்கிறது, மாற்று வழி இல்லை. நம்பர் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "சொந்த எண்ணை யாருக்கும் தருவதில்லைங்க. பையனைப் பற்றி எதுவானாலும் டியூஷன் எண்ணுக்கு அனுப்புங்க. மாலை 4 முதல் 7 வரை நானே பார்த்துப் பதில் சொல்வேன்." இதில் 'யாருக்கும்' என்பதை விட்டுவிடாதீர்கள், தன்னை மட்டும் ஒதுக்குவதாக அவருக்குத் தோன்றாது. காரணம் மட்டும் சொல்லவே வேண்டாம். "வீட்டில் குழந்தை தூங்கும்" என்றால், "கால் பண்ண மாட்டேன், மெசேஜ் மட்டும்" என்று பேரம் ஆரம்பமாகும்.

ராத்திரி 10 மணிக்கு மெசேஜ் வந்தால் அப்போது எதுவும் எழுதாதீர்கள். "நாளைக்குப் பேசலாம்" என்று போட்டாலே நீங்கள் விழித்திருப்பது தெரிந்து அடுத்த கேள்வி வரும். மறுநாள் 4 மணிக்கு, கேட்டதற்கு முதலில் பதில், பிறகு வரம்பு: "தேர்வு வெள்ளிக்கிழமைங்க, பாடம் 3, 4. இரவு 7 மணிக்கு மேல் வரும் மெசேஜுக்கு மறுநாள் மாலைதான் பதில் எழுதுவேன்." 'முடிந்தால்', 'பெரும்பாலும்' போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள், அவை விதிவிலக்குக் கேட்க அழைக்கும்.

பிள்ளை வீடு வந்து சேரவில்லை என்பது போன்ற அவசரத்துக்கு மட்டும், அதே டியூஷன் எண்ணுக்கு அழைக்கலாம் என்று, பிள்ளையை டியூஷனில் சேர்க்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.