செம்மல்வைஸ் சொன்ன கைகழுவல்: ஏன் பலித்தது, ஏன் மறுத்தார்கள்?

ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கை கழுவியதால் பிரசவ வார்டில் சாவு எப்படிக் குறைந்தது? டாக்டர்களே ஏன் முதலில் ஏற்கவில்லை?

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பார்த்த முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் சுமார் நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாவதில் பாதிக்கும் குறைவு. மாணவர்கள் பிணப்பரிசோதனை முடித்த கையோடு தாய்மார்களின் உள்ளுறுப்பைச் சோதித்தார்கள். சோப்பு போட்டாலும் கையில் பிணவாடை போகாது.

1847 மே மாதம், அங்கே டாக்டராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ், குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதமானது.

ஆனால் அப்போது பிணவறையிலிருந்து வரும்போது கழுவினால் போதும் என்றே நினைத்தார். அக்டோபரில், கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்த ஒரு பெண்ணைச் சோதித்துவிட்டு, டாக்டர்களும் மாணவர்களும் சோப்பால் மட்டும் கழுவி அடுத்தடுத்த படுக்கைகளுக்குப் போனார்கள். அங்கே பிரசவித்த பன்னிரண்டு பேரில் பதினொருவர் இறந்தார்கள். அப்புறம்தான் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே குளோரின் கழுவல் கட்டாயமானது. உயிரோடிருப்பவரின் சீழும் கொல்லும் என்பது அங்கேதான் தெரிந்தது.

சரி, மறுப்பு ஏன்? கிருமிகளால்தான் நோய் பரவுகிறது என்ற கொள்கை அப்போது வரவில்லை. கெட்ட காற்றும் உடல்வாகும்தான் காரணம் என்று நம்பினார்கள். பிரசவக் காய்ச்சலுக்கெல்லாம் கையோடு வரும் அழுக்கே ஒரே காரணம் என்று செம்மல்வைஸ் சொன்னது மிகையாகத் தெரிந்தது. தங்கள் கையே தாய்மார்களைக் கொன்றது என்பதை ஏற்பதும் எளிதல்ல. அவரும் இதைப் பற்றிய தன் முழு நூலை 1861 வரை வெளியிடவில்லை. அந்தத் தாமதம் பெரிய இழப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.