பாஸ் நல்ல வேலையெல்லாம் ஒருவருக்கே கொடுத்தால் ஜூனியர் எப்படிக் கேட்பது?

கேள்வி: சிங்கப்பூரில் சரக்குக் கப்பல் ஏற்றுமதி அலுவலகத்தில் ஜூனியராக இருக்கிறேன். பாஸ் நல்ல வேலையை எல்லாம் தனக்குப் பிடித்த ஒருவருக்கே கொடுக்கிறார், எனக்கு மிச்சம் மீதிதான் வருகிறது. சண்டை போடாமல் இதை எப்படிக் கேட்பது?

பதில்:

நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன், இப்போது வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்திலும் இருக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும். பாஸிடம் போய் பேசுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பிடித்த ஆள் லீவு போட்டாலோ எம்.சி. எடுத்தாலோ அவருடைய வேலை யாரிடம் போகிறது? உங்களிடம் வந்தால் பாஸுக்கு உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது, பழக்க தோஷத்தில்தான் மற்ற நாட்களில் அவரையே கூப்பிடுகிறார். உங்களைத் தாண்டி வேறொருவரிடம் போனாலோ, பாஸே உட்கார்ந்து செய்தாலோ, உங்களைப் பற்றி அவர் மனதில் ஏதோ ஒரு சந்தேகம் இருக்கிறது. முதல் நிலையில் நேராக வேலையைக் கேட்கலாம். இரண்டாவது நிலையில் அந்தச் சந்தேகம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வேலையைக் கேட்டுப் பயனில்லை.

அடுத்து, ஒரு மாதத்துக்கு உங்களுக்கு வந்த வேலைகளை எழுதி வையுங்கள். யார் கொடுத்தது, எப்போது வந்தது, எவ்வளவு நேரம் பிடித்தது, அவ்வளவுதான். மற்றவருக்குப் போனது என்ன என்று தனியாகக் கணக்கு எடுக்க வேண்டாம், அந்தத் தாள் யார் கண்ணிலாவது பட்டால் நீங்கள் உளவு பார்க்கிறீர்கள் என்றுதான் பேச்சு வரும்.

எங்கள் டீமில் ஒரு தம்பி இருந்தார். காலையில் வந்ததும் கப்பல் சரக்கு ரசீதான பி.எல்.லில் திருத்தங்கள், அதாவது பெறுபவர் பெயரில் எழுத்துப்பிழை, எடை மாற்றம் என்று ஏற்கெனவே வேறொருவர் முடித்த பைல்களைச் சரிசெய்வது. மாலையில், அதுவும் வெள்ளிக்கிழமை மாலையில், டிரேட்நெட்டில் சுங்க பெர்மிட் தட்டுவது. பெயிண்ட், கரைப்பான் அனுப்பும் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் அபாயகரச் சரக்கு மட்டும் அவர் பக்கமே வராது. அப்ரைசலில் பேசும்படி இருப்பது அந்த வேலைதான், ஏனென்றால் புக்கிங் முதல் பி.எல். வரை ஒரே ஆள் கையில் இருக்கும், கப்பல் நிறுவனத்தோடும் வாடிக்கையாளரோடும் அவரேதான் பேசுவார். திருத்தம் போடுகிறவர் மாதம் முழுக்க உழைத்தாலும் "நான் இதை முடித்தேன்" என்று காட்ட ஒன்றும் இருக்காது.

அந்த வேலையை வழக்கமாகப் பார்க்கும் மூத்தவர் எம்.சி.யில் இருந்த ஒரு நாள் அந்த வாடிக்கையாளரின் பெயிண்ட் சரக்கு தம்பியிடம் வந்தது. யூஎன் எண் 1263, வகுப்பு 3, அது சரியாகவே இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் அனுப்பிய அறிவிப்புப் படிவத்தில் அபாயத்தின் அளவைக் காட்டும் பேக்கிங் குரூப் III என்று இருந்தது, பொருளின் பாதுகாப்பு விவரம் சொல்லும் எஸ்.டி.எஸ். தாளில் போக்குவரத்து விவரம் இருக்கும் 14ஆம் பகுதியில் II என்று இருந்தது. அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கட்-ஆஃபுக்கு முன்பே வாடிக்கையாளரைக் கூப்பிட்டுத் திருத்தி வாங்கிவிட்டார். அந்த முரண்பாடு அப்படியே போயிருந்தால் கப்பல் நிறுவனம் சரக்கை ஏற்காமல் நிறுத்தியிருக்கலாம்.

நியாயம் கேட்டுப் போக அவரிடம் எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் பாஸிடம் அவர் சொன்னது இதுதான் (ஆங்கிலத்தில் பேசினார், சாரத்தைத் தருகிறேன்): "அடுத்த மாதம் அந்த வாடிக்கையாளரின் புக்கிங் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை நான் பார்க்கட்டுமா? அறிவிப்புப் படிவத்தை கட்-ஆஃபுக்கு முந்தின நாளே உங்களிடம் காட்டிவிடுகிறேன், நீங்கள் சரி என்ற பிறகு அனுப்புகிறேன்." இதில் மூத்தவரின் பெயரே இல்லை. எந்த வேலை, எவ்வளவு, எப்போது என்பது இருக்கிறது. ஜூனியர் கையில் கொடுத்தால் தப்பாகிவிடுமோ என்பதுதான் பாஸின் பயம், அந்தப் பயத்துக்கும் முந்தின நாள் சரிபார்ப்பிலேயே பதில் இருக்கிறது. "எனக்கும் நல்ல வேலை கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டிருந்தால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வந்திருக்கும். "அவருக்கு மட்டும் ஏன்" என்று ஆரம்பித்திருந்தால் பாஸ் மூத்தவரைக் காப்பாற்றப் பேச ஆரம்பித்திருப்பார், தம்பியின் விஷயம் காணாமல் போயிருக்கும்.

பாஸ் ஒத்துக்கொண்டார், ஆனால் பழைய வேலை எதையும் எடுக்கவில்லை. பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்வோம், கேட்டது கிடைத்த சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டு ராத்திரி வரை உட்கார்ந்திருப்போம், அப்புறம் களைப்பில் ஒரு தப்பு நடக்கும், "அதனால்தான் உன்னிடம் கொடுப்பதில்லை" என்பார்கள். எழுதி வைத்த தாள் அவருக்கு அந்த நேரத்தில்தான் கைகொடுத்தது. காலையில் திருத்தங்களுக்கே இரண்டு மணி நேரம் போகிறது என்று காட்டி, "எதை முதலில் முடிக்க வேண்டும், எதை வேறொருவருக்கு மாற்றலாம்?" என்று கேட்டார். திருத்தங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இன்னொருவருக்குப் போயின. பேசி முடிவானதை அன்றே மூன்று வரி மின்னஞ்சலாகப் போட்டுவிட்டார். நீங்களும் போடுங்கள், பாஸ் மறப்பது சாதாரணம்.

அந்த மூத்தவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். வேலையைப் பங்கு போட்டது அவர் இல்லை, அந்த வாடிக்கையாளரின் வழக்கமெல்லாம் தெரிந்தவரும் அவர்தான். இங்கே அவர்தான் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தார்.

நம் ஆட்கள் பலர் இங்கே கேட்கும் ஒரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: "வாடிக்கையாளர் மாண்டரின் பேசுவார், அதனால் அவருக்குக் கொடுத்தேன்." சில இடங்களில் இது உண்மை. அந்த வாடிக்கையாளரின் மின்னஞ்சல்கள் எந்த மொழியில் வருகின்றன என்று பாருங்கள், ஆங்கிலத்திலேயே வந்தால் அதைச் சொல்லி நிதானமாகக் கேட்கலாம். 2025 ஜனவரியில் நிறைவேறிய, 2027 கடைசிக்குள் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்ட வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் இனம், மொழித்திறன் போன்றவற்றின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது, வேலைக்கு அந்த மொழி உண்மையிலேயே தேவை என்றால் விலக்கும் தருகிறது. ஆனால் அது பேசுவது வேலைக்கு எடுப்பது, அப்ரைசல், பயிற்சி, பதவி உயர்வு, வேலையை விட்டு நீக்குவது போன்ற முடிவுகளைப் பற்றித்தான், தினசரி யாருக்கு எந்த பைல் என்பதைப் பற்றி இல்லை. பாஸுக்கு ஒருவரைப் பிடிக்கும் என்பதும் அதில் வராது. அதனால் வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும் டாஃபெப்பிடம் போகிற அளவுக்கு விஷயம் வந்தால், "நல்ல வேலை தரவில்லை" என்பதோடு நிறுத்தாமல், அந்த வேலை தராததால் அப்ரைசலில் எங்கே குறைந்தது, அதற்குச் சொன்ன காரணம் என்ன என்பதைத் தேதியோடு காட்ட வேண்டியிருக்கும். அதற்கு முன் நிறுவனத்துக்குள்ளேயே மனிதவளப் பிரிவில் எழுத்தில் கொடுங்கள்.

குறிப்பாகக் கேட்டும், சரிபார்க்கிறேன் என்று சொல்லியும், இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கேட்டும் ஒரு காரணமும் சொல்லாமல் மறுக்கிறார் என்றால், அல்லது ஒவ்வொரு முறையும் காரணம் மாறுகிறது என்றால், அந்த பாஸிடம் இனிக் கிடைக்காது. வேறு பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள், வெளியேயும் பாருங்கள். வேலை அனுமதியில் இருப்பவர் என்றால் புதிய நிறுவனம் புதிதாக விண்ணப்பித்து அனுமதி கிடைக்கும் வரை ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலத்தையும் ஆண்டிறுதி போனஸ் வரியையும் படித்துவிடுங்கள், டிசம்பர் கடைசி நாளில் வேலையில் இருந்தால்தான் தருவோம் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.