ஐந்து நட்சத்திர விமர்சனம் காசுக்கு எழுதப்பட்டதா?

கேள்வி: இயர்போன் வாங்கப் பார்க்கிறேன். எல்லாரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், 'வாங்கியவர்' என்ற முத்திரையும் இருக்கிறது. நம்பலாமா?

அந்த முத்திரையை மட்டும் வைத்து நம்பாதீர்கள். சில விற்பனையாளர்கள் ஆள் பிடித்துப் பொருளை முறைப்படி வாங்க வைப்பார்கள்; ஐந்து நட்சத்திர விமர்சனம் வெளியானதும் பணத்தைத் தனியாகத் திருப்பி அனுப்புவார்கள். தளத்தின் கணக்கில் அது உண்மையான கொள்முதல்தான்.

எனவே விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி அடுக்கித் தேதிகளைப் பாருங்கள். மாதக்கணக்கில் ஒன்றிரண்டாக வந்தவை திடீரென ஒரே வாரத்தில் குவிந்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் தள்ளுபடி விற்பனைக்குப் பிறகும் அப்படிக் குவியும் என்பதால், அவற்றை வாசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உண்மையில் பயன்படுத்தியவர் சார்ஜ் எத்தனை மணி நேரம் நின்றது, காது வலித்ததா என்று எழுதுவார். கூலிக்கு எழுதியவர் பொருளின் முழுப்பெயரையும் பெட்டியில் அச்சான சிறப்புகளையும் ஒப்பிப்பார். படத்தில் பிரிக்காத பெட்டிதான் இருக்கும்.

ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை அவசியம் படியுங்கள். 'பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தது, ஐந்து நட்சத்திரம் போட்டால் பணம் தருவதாகச் சொன்னது' என்று யாராவது கோபத்தில் எழுதியிருந்தால், நான் அந்தப் பொருளை வாங்கவே மாட்டேன்.